மேட்டில் இழுவை போகும் டர்போ கார்: கோளாறு சென்சாரிலா, குழாயிலா?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது ஒரு டீசல் கார். முன்னால் போகும் லாரியை முந்துவதற்காக ஓட்டுநர் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துகிறார். சில நொடிகளில் இழுவை அப்படியே போய்விடுகிறது. மீட்டரில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் 3,000 சுற்றைத் தாண்ட மறுக்கிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி பழையபடி ஓடுகிறது. அடுத்த செங்குத்தான ஏற்றம் வந்ததும் மீண்டும் அதே கதை.

இதைத்தான் மெக்கானிக்குகள் ‘லிம்ப் மோட்’ என்கிறார்கள். டர்போ எவ்வளவு காற்றழுத்தம் தர வேண்டும் என்று என்ஜினின் கணினியான ஈசியு ஒரு கணக்கு வைத்திருக்கும். கிடைக்கும் அழுத்தம் அந்தக் கணக்கிலிருந்து வெகுவாக விலகிச் சில நொடிகள் நீடித்தால், என்ஜினைக் காப்பாற்ற ஈசியு டீசலையும் டர்போ அழுத்தத்தையும் குறைத்துவிடும். பல கார்களில் சாவியை அணைத்துப் போட்டால் இந்தக் கட்டுப்பாடு தற்காலிகமாக விலகும். ஆனால் கோளாறின் குறியீடு ஈசியுவின் நினைவில் பதிந்திருக்கும். லிம்ப் மோடில் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போய்விடலாம். சிவப்பு ஆயில் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மட்டும் என்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஸ்கேனரை மாட்டினால் இந்தக் காரில் வருவது P0299. கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்பது இதன் பொருள். P0234 வந்திருந்தால் அழுத்தம் அளவுக்கு மீறிப் போனது என்று அர்த்தம். எந்தப் பாகம் கெட்டது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. இது தெரியாமல்தான் பலர் குறியீட்டைப் பார்த்ததுமே சென்சாரை மாற்றுகிறார்கள். சிலர் டர்போவையே மாற்றிப் பெருஞ்செலவு செய்கிறார்கள்.

முதல் சந்தேகம் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மீது வருவது இயல்பு. அது பொய் சொல்கிறதா என்பதை எதையும் கழற்றாமலே பார்த்துவிடலாம். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், அது அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் ஏறத்தாழ 77. சென்னையில் நின்றுகொண்டு 60 என்றோ 130 என்றோ காட்டினால், சென்சாரையோ அதன் ஒயரிங்கையோ சந்தேகிக்கலாம்.

நம் காரில் அந்த அளவு சரியாகவே இருந்தது. எனவே ஸ்கேனரை மாட்டியபடியே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார் மெக்கானிக். ஈசியு கேட்டது 210 கிலோபாஸ்கல், கிடைத்ததோ 150. ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் மாஃப் சென்சார், உள்ளே வரும் காற்றின் அளவைச் சொல்வது. அது காட்டிய அளவு குறையவே இல்லை. போதாததற்குப் பின்னால் கரும்புகை.

காற்று உள்ளே வந்ததாக ஒரு சென்சார் சொல்கிறது, என்ஜின் வாசலில் அழுத்தம் இல்லை என்கிறது இன்னொன்று. இரண்டும் உண்மை என்றால், நடுவழியில் காற்று வெளியேறுகிறது. உள்ளே வந்த காற்றை நம்பி ஈசியு டீசலை ஊற்றுகிறது. எரிக்கப் போதிய காற்று இல்லாததால் அது கரும்புகையாகிறது. தேடிப் பார்த்ததில், இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் அருகே விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி ஆயில் பிசுபிசுப்பு. ஐட்லிங்கில் வெடிப்பின் உதடுகள் மூடியிருக்கும், அழுத்தம் ஏறும்போதுதான் பிளக்கும். அதனால்தான் சமதளத்தில் தெரியாத கோளாறு மேட்டில் தெரிந்தது.

இரண்டு சென்சாருமே குறைவாகக் காட்டியிருந்தால் பாதை வேறு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது டர்போ சரியாகச் சுழலவில்லை. வேக்குவத்தால் இயங்கும் டர்போவில், ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் விரிசல் விட்டிருக்கலாம். கையால் இயக்கும் வேக்குவம் பம்பை அந்த ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால், அதன் கம்பி தடங்கலின்றி நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் ஆக்சுவேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கும். சிக்கிச் சிக்கி நகர்ந்தால், டர்போவின் உள்ளே அசையும் இதழ்களில் கரி படிந்திருக்க வாய்ப்பு அதிகம். இதழ்கள் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் P0234 வருவதும் இதனால்தான்.

மேப் அளவு சரியாக இருந்து, மாஃப் மட்டும் குறைவாகக் காட்டினால், மாஃபில் அழுக்கு படிந்திருக்கலாம். அல்லது புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு மூடாமல் நிற்கலாம்.

ஹோஸை மாற்றி, குறியீட்டை அழித்த பிறகு, அதே ஏற்றத்தில் அதே கியரில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். 210 கேட்டபோது 205 வரை வந்தது, கரும்புகை நின்றது. பழைய மேப் சென்சாரும் டர்போவும் அந்தக் காரிலேயே இருக்கின்றன.