நான்காம் முறை தேறியவரிடம் என்ன சொல்வது?

முடிவு வந்த மறுநாள் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு தோழி மேசை மேசையாக இனிப்புப் பெட்டியை நீட்டிக்கொண்டு வந்தாள். சி.ஏ. இறுதித் தேர்வின் இரண்டாம் குரூப்பை நான்காம் முறையில் தேறியிருந்தாள். “அப்பாடா, ஒரு வழியா முடிச்சிட்டே!” என்றார் ஒருவர். “உன் பொறுமை யாருக்கும் வராதும்மா” என்றார் இன்னொருவர். இருவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அவள் முகம் சற்றே வாடியது.

இரண்டு வாழ்த்துமே தேறியதைப் பற்றிப் பேசவில்லை, தவறிய மூன்றைத்தான் எண்ணின. “ஒரு வழியா” என்ற சொல்லில், இவளால் முடியுமா என்று இத்தனை நாள் நினைத்திருந்தது வெளியே வந்துவிடுகிறது. பொறுமையைப் புகழ்ந்தால், படிப்பு போதவில்லை, பிடிவாதம் காப்பாற்றியது என்று காதில் விழுகிறது.

அந்தத் தேர்வில் தவறுவது எப்படி என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். இப்போது ஒரு குரூப்புக்கு மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40, மூன்றும் சேர்ந்து 300-க்கு 150 வேண்டும். தோழி மூன்றாம் முறை வாங்கியது 62, 54, 38. கூட்டினால் 154, தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்ததால் குரூப்பே போயிற்று. 60 அல்லது அதற்கு மேல் வாங்கிய தாளுக்கு விலக்கு உண்டு, அடுத்த மூன்று முறைக்குள் அதை எழுத வேண்டாம். 54 வாங்கியதையும் மறுபடி எழுதியாக வேண்டும். பகலில் கிளையன்ட் அலுவலகத்தில் வவுச்சர் பார்த்துவிட்டு, இரவில் அதே பாடத்தை மறுபடி திறந்தாள்.

அன்று அவளுக்குப் பிடித்த வாழ்த்தைச் சொன்னவர் எங்கள் சீனியர். “வாழ்த்துகள்மா. அந்த மறைமுக வரித் தாளை இந்தத் தடவை எப்படிப் போட்டே?” என்று கேட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளீட்டு வரி வரவுக் கணக்கு ஒன்றைக் கால் மணி நேரம் விளக்கினாள். விஷயம் தெரிந்தவளிடம் கேட்கும் கேள்வி அது. எத்தனையாவது முறை என்பதை அவளே பிறகு சொன்னாள், சிரித்துக்கொண்டே. அவள் எடுத்த பிறகு நாமும் பேசலாம். அதுவரை அந்த எண்ணை நாம் தொடக்கூடாது, குறிப்பாக எல்லோரும் பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில். இன்னும் தேறாத தம்பியைப் பார்த்து, “அக்காவைப் பார்த்துக் கத்துக்கோ” என்பதும் வேண்டாம். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர் கூனிப்போவார்கள்.

முதல் முறையிலேயே தேறியவரிடம் என்ன சொல்வீர்களோ, அதையே இவரிடமும் சொல்லுங்கள். நிறுவனத்தில் உறுப்பினராகப் பதிந்ததும் இருவரும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது அதே இரண்டு எழுத்துதான்.