பினைல்அலனின் வளர்சிதைமாற்ற வரைபடத்தைப் படித்தல்

பினைல்அலனின் என்பது உடலால் உருவாக்க இயலாத, உணவிலிருந்தே பெற வேண்டிய ஓர் அமினோ அமிலமாகும். கல்லீரலில் இது டைரோசின் என்னும் மற்றோர் அமினோ அமிலமாக மாறுகிறது. இந்த மாற்றத்தைக் காட்டும் வரைபடம், அம்புக்குறிகளைப் படிக்கப் பழகுவதற்கு ஏற்றது.

நேர் அம்பு

இடப்பக்கம் பினைல்அலனின், வலப்பக்கம் டைரோசின், நடுவே ஓர் அம்பு. அம்பின் வால் வினைபடுபொருளையும் தலை விளைபொருளையும் குறிக்கும். இந்த அம்புக்குத் தலை ஒன்றே. அதாவது டைரோசின் மீண்டும் பினைல்அலனினாக மாறாது. இரு முனையிலும் தலை இருந்தால் அவ்வினை மீள்வினை எனக் கொள்ள வேண்டும்.

அம்பின் மேலுள்ள பெயர்

அம்பின் மேல் பினைல்அலனின் ஹைட்ராக்சிலேசு என்று எழுதப்பட்டிருக்கும். இது வினையை விரைவுபடுத்தும் நொதி. நொதி விளைபொருளாக மாறுவதில்லை. வினை முடிந்ததும் அடுத்த மூலக்கூறுக்குத் தயாராக இருக்கும். அதனால்தான் அதன் பெயர் அம்பின் முனைகளில் அல்லாமல் மேலே இடம்பெறுகிறது.

வளைந்த அம்பு

நேர் அம்பைத் தொட்டுச் செல்லும் சிறு வளைவின் ஒரு முனையில் BH₄ எனப்படும் டெட்ராஹைட்ரோபயாப்டெரின் இருக்கும். இந்தத் துணைப்பொருள் இல்லாமல் நொதி செயல்படாது. வினையில் இது ஆக்சிசனேற்றம் அடைந்து வெளியேறும். பின்னர் வேறு நொதிகள் அதைப் பழைய நிலைக்குத் திருப்பும். வளைவு சுழற்சியாக வரையப்படுவது இதனால்தான்.

அம்பு தடைப்பட்டால்

மரபணுக் குறைபாட்டால் ஹைட்ராக்சிலேசு செயலிழந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் அந்த அம்பின் மேல் ஒரு பெருக்கல் குறி இட்டால் இரண்டு விளைவுகள் புலப்படும். தடைக்கு முன்னுள்ள பினைல்அலனின் இரத்தத்தில் தேங்கும். பின்னுள்ள டைரோசின் குறையும். தேங்கியதில் ஒரு பகுதி, கீழ்நோக்கிச் செல்லும் கிளை அம்பின் வழியே பினைல்பைருவேட்டாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். 1934-இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இப்பொருளைச் சிறுநீரில் கண்டறிந்தார். ஃபெரிக் குளோரைடு சேர்த்தபோது அச்சிறுநீர் பச்சை நிறமானதே அவருக்குத் துப்பாக அமைந்தது. இந்நோய் பினைல்கீட்டோனூரியா எனப்படும். மருத்துவம் செய்யாவிட்டால், தேங்கிய பினைல்அலனின் மூளை வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும்.

பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் பினைல்அலனின் அளவைக் கண்டு நோயை அறியலாம். உணவில் பினைல்அலனினை முற்றிலும் நீக்கக் கூடாது. புரதம் உருவாக அது தேவை. எனவே இரத்த அளவைப் பார்த்து உணவு கட்டுப்படுத்தப்படுகிறது. டைரோசினும் உணவில் சேர்க்கப்படுகிறது.

தடை வளைவில் இருந்தால்

சில குழந்தைகளிடம் ஹைட்ராக்சிலேசு நலமாக இருக்கும். BH₄ உருவாவதிலோ புதுப்பிக்கப்படுவதிலோ குறை இருக்கும். அப்போதும் பினைல்அலனின் தேங்கும். ஆனால் உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. டோபமைன், செரட்டோனின் ஆகியவற்றை மூளையில் உருவாக்கும் நொதிகளுக்கும் BH₄ தேவை என்பதே காரணம். ஆகவே, இரத்தத்தில் பினைல்அலனின் மிகுந்திருந்தால் நேர் அம்போடு வளைந்த அம்பையும் சோதித்த பின்னரே மருத்துவம் முடிவு செய்யப்படுகிறது.