வெள்ளை இடம் எப்போது வெறிச்சோடுகிறது?

கூகுளின் தேடல் பக்கம் வந்த புதிதில், அதைச் சோதித்துப் பார்க்க அழைக்கப்பட்டவர்கள் எதையும் தட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மீதிப் பக்கம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்! அடியிலிருந்த காப்புரிமை வரியைக் கொஞ்சம் எடுப்பாக்கியதும், பக்கம் அவ்வளவுதான் என்பது புரிந்துவிட்டது. அப்போது அங்கே பணியாற்றிய மரிசா மேயர் பின்னாளில் சொன்ன தகவல் இது.

கவனியுங்கள், அங்கே வெள்ளை இடத்தை யாரும் குறைக்கவில்லை. எளிமையான முகப்புப் பக்கம் அமைதியாகத் தெரியாமல் வெறிச்சோடித் தெரிந்தால், "ஒரு படத்தைப் போட்டு நிரப்புங்கள்" என்பதுதான் வழக்கமாக வரும் யோசனை. பெரும்பாலும் அது தப்பான மருந்து.

காப்பித்தூள் விற்கும் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 32 பிக்ஸல் அளவில் தலைப்பு. அதற்கு 120 பிக்ஸல் கீழே இளஞ்சாம்பல் நிறத்தில் ஒரு வரி விளக்கம். இன்னொரு 120 தள்ளி 'வாங்க' என்ற பொத்தான். மூன்றும் தனித்தனியே மிதக்கின்றன. அருகருகே இருப்பவற்றை ஒரே கூட்டமாகப் பார்ப்பது கண்ணின் இயல்பு; ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே இதை விளக்கி எழுதினார். எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால் எது எதோடு சேர்ந்தது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

இப்போது தலைப்பை 56 ஆக்குவோம். விளக்கத்தை 20 பிக்ஸல் தூரத்துக்கும், பொத்தானை அதற்கு 32 கீழேயும் கொண்டுவருவோம். மூன்றும் ஒரே கட்டாகிவிடும். மிச்சப்பட்ட இடம் கட்டுக்கு வெளியே போய்ச் சேரும். திரையில் வெள்ளை ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் முன்பு பொருள்களுக்கு நடுவே கிடந்த வெள்ளை, இப்போது அவற்றைச் சுற்றி நிற்கிறது.

அந்தச் சாம்பல் எழுத்தையும் விடக்கூடாது. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பலின் மாறுபாடு 3:1-ஐக்கூடத் தொடாது. WCAG நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1. படிக்க முடியாத வரியும் பார்வைக்கு வெற்றிடம்தான். நிறத்தை #595959 ஆக்கினால் பக்கத்துக்கு ஒரு கனம் வருகிறது. மெல்லிய சாம்பல்தான் நாகரிகம் என்று வடிவமைப்பாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தைப் படமெடுத்து கால்வாசி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒரு திட்டான உருவமும், அதில் முதலில் கண்ணில் படும் ஓர் இடமும் தெரிந்தால் சரி. சிதறிய புள்ளிகளாகத் தெரிந்தால் இடைவெளியைத்தான் திருத்த வேண்டும். உருவம் ஒழுங்காக இருந்தும் வெறுமை தோன்றுகிறதா? அப்படியானால் சொல்ல வேண்டியதையே சொல்லவில்லை. காப்பி எந்த ஊருடையது, விலை என்ன என்ற விவரம் இல்லாத குறையை எந்த இடைவெளியும் தீர்க்காது.

கைபேசியில் இன்னொரு சிக்கல் உண்டு. கணினியில் பெருமூச்சு விட இடம் தந்த அதே 160 பிக்ஸல், சின்னத் திரையில் சரியாக அடிவிளிம்பில் வந்து விழலாம். கீழே ஒன்றுமில்லை என்று நினைத்து ஆட்கள் மேலே உருட்டாமலே போய்விடுவார்கள். அங்கே அதை 64 ஆக்கி, அடுத்த பகுதியின் தலைப்பு பாதியாவது எட்டிப்பார்க்கும்படி வைப்பது நல்லது.