இரத்தக் கொதிப்பும் அடக்கிய மூச்சும்

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்டுவரும் 55 வயதுக்காரர் ஒருவர், காலையில் சிரசாசனமும் பிராணாயாமமும் பழகி, மாலையில் பளுவும் தூக்குகிறார் என்றும், அவர் கையில் அளந்த அழுத்தம் 160/100 என்றும் வைத்துக்கொள்வோம். இம்மூன்று அப்பியாசங்களில் அவர் எதை அடியோடு விடவேண்டும், எதைத் திருத்திக்கொண்டு தொடரலாம்?

முதலில் சிரசாசனம். நிமிர்ந்து நிற்கையில் தலை இருதயத்திற்குச் சுமார் 30 சென்டிமீட்டர் மேலே இருப்பதால், கையில் 160 காட்டும் அழுத்தம் மூளையையும் கண்ணையும் எட்டும்போது ஏறக்குறைய 140 ஆகத் தணிந்துவிடுகிறது. தலைகீழாக நின்றாலோ, குறைந்த அந்த 20 இப்போது கூடுதலாகச் சேர்ந்து 180 வரை போகக்கூடும். கழுத்துத் தமனியிலுள்ள நுண்ணிய நரம்புகள் இந்த ஏற்றத்தை உணர்ந்து இருதயத்தின் வேகத்தைத் தணிக்க முயலுமாயினும், நெடுநாள் கொதிப்பினால் விறைத்துப்போன நாளங்களில் அவ்வுணர்ச்சி மங்கியிருக்கும். போதாக்குறைக்கு, தலையிலிருந்து இறங்கவேண்டிய இரத்தமும் சிரைகளில் தேங்குகிறது. சிரசாசனத்தின்போது கண்ணின் உள்அழுத்தம் இரு மடங்காவதைச் சென்னை சங்கர நேத்ராலயா வைத்தியர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஆகவே, அழுத்தம் கட்டுக்குள் வராத நம்மவருக்குச் சிரசாசனம் விலக்கு.

பளு தூக்குவதன் கதை வேறு. கனடா நாட்டு மக்டூகல் குழுவினர் 1985-ல், ஆரோக்கியமான பயில்வான்களின் கைத்தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, அவர்கள் இரு கால்களாலும் பெரும்பளுவை உந்துகையில் அளந்தபோது, சராசரி அழுத்தம் 320/250 ஆயிற்று. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டிற்று. இறுகிய தசைகள் நாளங்களை நசுக்குவது ஒரு காரணம். தம் கட்டி முக்குகையில் மார்பினுள் எழும் அழுத்தம் அப்படியே தமனிகளுக்குத் தாவுவது மற்றொன்று. தம்மை விட்டவுடன் அழுத்தம் சடக்கென்று சரிவதால் தலைசுற்றலும் நேர்வதுண்டு. தூக்கும்போது மூச்சை வெளிவிட்டு, இறக்கும்போது உள்ளிழுத்து, 10 முதல் 15 முறை சிரமமின்றித் தூக்கக்கூடிய இலேசான பளுவோடு நிறுத்திக்கொண்டால், இதே பயிற்சி நாளடைவில் அழுத்தத்தைச் சிறிது குறைக்கவும் செய்யும். ஆனால் ஓய்விலேயே 180/110-ஐத் தாண்டியவர், அது தணியும்வரை பளுவைத் தொடலாகாது.

பிராணாயாமத்திலும் விபரீதம் விளைவிப்பது கும்பகமே. நிமிஷத்திற்கு ஏறக்குறைய ஆறு சுவாசமாக, நிதானமாகச் செய்யும் பூரகமும் ரேசகமும் அழுத்தத்தைத் தணிப்பவை; மூச்சை நெடுநேரம் உள்ளே நிறுத்தி, பந்தங்களும் போட்டு இறுக்கினாலோ, இரத்தத்தில் கரியமிலவாயு மிகுந்து, நாளங்கள் சுருங்கி, அழுத்தம் ஏறுகிறது.

எனவே நம்மவர் சிரசாசனத்தையும் கும்பகத்தையும் விட்டு, பளுவை மட்டும் வைத்தியரின் சம்மதத்தோடு இலேசாக்கிக்கொள்ளலாம். தம்மை அறியாமல் தம் கட்டுகிறோமா என்று பார்க்க, தூக்கும்போதே ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் போதும். குரல் அடைபடுகிற கணமே பளு மிகையென்று அறிந்து இறக்கிவிட வேண்டும்.