38ஆவது மாணவர் ஏன் தனித்தாளில் விழுகிறார்?

பத்துப் பிரிவுகள், பிரிவுக்கு 38 மாணவர்கள். ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியல் எக்செல் கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று வரிசைகளில் தலைப்பு, அதன்கீழ் 380 பெயர்கள், A முதல் N வரை விவரங்கள். பிரிவுக்கு ஒரு தாள் என்று பத்துத் தாள்கள் வேண்டும்.

ஒன்றும் அமைக்காமல் அச்சிட்டால் என்ன வரும்? A4 தாளின் அகலம் 210 மி.மீ. இரு பக்க ஓரமும் போக, எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 174 மி.மீ. நம் அட்டவணையின் அகலமோ 320 மி.மீ. எக்செல் முதலில் மேலிருந்து கீழே போய் முடித்துவிட்டுத்தான் வலப்பக்கம் திரும்பும். அதனால் பெயர்கள் எல்லாம் முதல் எட்டுத் தாள்களிலும், மிச்ச மதிப்பெண்கள் அடுத்த எட்டுத் தாள்களிலும் வந்துவிழும். P நெடுவரிசையில் யாரோ சரிபார்ப்புக்காகப் போட்டுவைத்த கூட்டல்களும் கூடவே வரும்.

அந்தக் கூட்டல்களைத் தடுப்பது எளிது. A1 முதல் N383 வரை தேர்ந்தெடுத்து, Page Layout பகுதியில் Print Area > Set Print Area கொடுத்தால் போதும். தலைப்பு ஒவ்வொரு தாளிலும் வர, அதே பகுதியில் Print Titles திறந்து, Rows to repeat at top என்ற இடத்தில் `$1:$3` என்று இட வேண்டும். அச்சு முன்னோட்டத்தின் வழியாக இந்தப் பெட்டிக்கு வந்தால் அந்த இடம் மங்கிக் கிடக்கும், தட்டச்சு செய்ய முடியாது. பலர் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். முன்னோட்டத்தை மூடிவிட்டு Page Layout வழியாக வந்தால் திறந்திருக்கும்.

இனி அளவு. தாளைக் கிடைமட்டமாக்கினால் எழுத்துக்கு 261 மி.மீ. அகலம் கிடைக்கும். அதை 320-ஆல் வகுத்தால் 81 சதவீதம். 11 பாயிண்ட் எழுத்து சுமார் 9 பாயிண்டாகும், தாராளமாகப் படிக்கலாம். நிமிர்ந்த தாளிலேயே அடக்கியிருந்தால் 54 சதவீதம், எழுத்து 6 பாயிண்டுக்கும் கீழே போயிருக்கும். மதிப்பெண்ணைப் பெற்றோர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி அச்சிடுவது நியாயமில்லை. ஆகவே சுருக்குவதற்கு முன்பு தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுருக்கத்தை எக்செல்லிடமே விட்டுவிடலாம். Width என்பதில் 1 page என்றும் Height என்பதில் Automatic என்றும் வைத்தால், அகலத்துக்கேற்ப அதுவே சுருக்கிக்கொள்ளும். நீண்ட பட்டியலுக்கு இது நல்ல வழி. உயரத்தையும் 1 என்று வைத்தால் 383 வரிசைகளையும் ஒரே தாளுக்குள் நெருக்கப் பார்த்து, எக்செல் எழுத்தைப் புள்ளிகளாக்கிவிடும்.

ஆனால் நமக்குப் பிரிவுக்கு ஒரு தாள் வேண்டும். இரண்டாம் பிரிவு 42ஆம் வரிசையில் தொடங்குகிறது. அந்த வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து Breaks > Insert Page Break கொடுத்தால் அதற்கு மேலே பக்கம் முறியும். இதே போல 80, 118 என்று போக வேண்டும். நடுவில் ஒரு கட்டத்தில் நின்று கொடுத்தால் இடப்பக்கத்திலும் ஒரு முறிவு விழுந்து அட்டவணை நெடுக்காகப் பிளக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்துக்குள் அடக்கு என்று சொல்லியிருக்கும்போது, நாம் கையால் வைத்த முறிவுகளை எக்செல் பொருட்படுத்தாது. இரண்டில் ஒன்றுதான். பிரிவுவாரியாகப் பிரிக்க வேண்டுமானால் Width-ஐ Automatic-க்குத் திருப்பி, Scale பெட்டியில் சதவீதத்தை நாமே எழுத வேண்டும்.

81 என்று எழுதினோம். முன்னோட்டத்தில் பத்துக்குப் பதில் இருபது தாள்கள்! ஒவ்வொரு பிரிவின் 38ஆவது மாணவரும் தனித்தாளில் நிற்கிறார். காரணம் உயரம். ஒரு வரிசையின் இயல்பான உயரம் 15 பாயிண்ட், அதாவது 5.3 மி.மீ.; 81 சதவீதத்தில் 4.3 மி.மீ. கிடைமட்டத் தாளில் மேல், கீழ் ஓரம் போக 172 மி.மீ. மிஞ்சும். அதில் 40 வரிசைகள் கொள்ளும். நமக்கோ தலைப்பு மூன்றும் பெயர்கள் 38-மாக 41 வேண்டும். அளவை 78 ஆக்கினால் 41 வரிசைகளும் 170 மி.மீ.க்குள் அடங்கும், எழுத்தும் எட்டரைப் பாயிண்டுக்குக் குறையாது. View பகுதியில் Page Break Preview திறந்து பார்த்தால் இதைக் கண்ணாலேயே அறியலாம்: நாம் வைத்த முறிவு முழுக்கோடாகவும், எக்செல் தானாக வைத்தது விட்டுவிட்டுப் போகும் கோடாகவும் தெரியும். விட்டுவிட்டுப் போகும் கோடு எதுவும் மிஞ்சாவிட்டால் வேலை சரி.

ஓரங்களும் முறிவுகளும் பிரிண்டரைப் பொறுத்துச் சற்று நகரும். வேறு கணினியில் தாள் லெட்டர் அளவுக்கு மாறியிருந்தால் கிடைக்கும் அகலம் 244 மி.மீ.தான், 78 சதவீதத்தில் N நெடுவரிசை அடுத்த தாளுக்குத் தாவிவிடும். எனவே எந்த இயந்திரத்தில் அச்சிடப் போகிறோமோ அதைத் தேர்ந்தெடுத்த பிறகே முறிவுகளைப் பார்க்க வேண்டும்.

வருட நடுவில் சேரும் மாணவரை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். பட்டியலின் இடையில் வரிசை செருகினால் அச்சுப் பரப்பும் தானாக விரியும். கடைசியில், 384ஆம் வரிசையில் எழுதினால் விரியாது. திரையில் இருக்கும் பெயர் தாளில் வராது, எக்செல் எச்சரிக்கையும் செய்யாது. இடப்பக்க மேல்மூலையில் உள்ள பெயர்ப் பெட்டியில் `Print_Area` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அச்சாகப் போகும் பரப்பு எந்த வரிசையில் முடிகிறது என்று உடனே தெரிந்துவிடும்.