உப்புக் கண்ணாடியும் ஒரு மறுப்புக் கடிதமும்

பிளேன்டீ ஆறுவதற்குள் ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்து பார்ப்போம். முந்தல் பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகம், ஊரில் சொல்வதுபோல் ஒரு ஹெச்சரி, இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு வேலைக்கு ஓர் உதவியாளர் தேவை. நேர்முகத் தேர்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். மாலையில் உரிமையாளர், முகாமையாளர், தொட்டி பார்க்கும் மூத்தவர் மூவரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் மூத்தவர் இப்படிப் போடுகிறார்: “ரெண்டாவதா வந்த பொடியன் சரிவர மாட்டான். ரெண்டு வருசம் வேலை செஞ்சன் எண்டு புளுகியிருக்கான். உப்புக் கண்ணாடியக் கூடப் பிடிக்கத் தெரியல. வேணாம் எண்டு சொல்லிருங்க.”

சொல்லிவிட வேண்டிய பொறுப்பு முகாமையாளருடையது. அவர் இடத்தில் நாம் உட்கார்ந்துகொள்வோம்.

முதலில், எல்லாரும் இடறுகிற இடம். கடுமையான பேச்சை மரியாதையாக மாற்றுவது என்றால் அதைக் குழைப்பது என்று நினைக்கிறோம். ஆகவே “உங்கள் விண்ணப்பத்தைக் கவனத்தில் எடுத்துள்ளோம், பிறகு அறிவிப்போம்” என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். எழுதியவருக்கு மனம் இலேசாகிறது. வாங்கியவரோ கற்பிட்டியில் கிடைத்த வேறொரு வேலையை விட்டுவிட்டு மூன்று கிழமை காத்திருக்கிறார். மூத்தவரின் பேச்சு முரடுதான், ஆனால் அதில் “வேணாம்” என்ற முடிவு பளிச்சென்று இருந்தது. நாம் மழுப்பியபோது முரட்டுத்தனத்தோடு அந்த முடிவும் போய்விட்டது. காக்க வேண்டியதே அந்த ஒன்றைத்தான்.

அப்படியானால் எதை நீக்குவது? பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்போம். “சரிவர மாட்டான்” என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அரை மணி நேரம் பார்த்து ஒருவருடைய ஆயுளுக்கும் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. அது போகட்டும். “புளுகியிருக்கான்” என்பது குற்றச்சாட்டு. அவர் முன்பு வேலை செய்த இடத்துக்கு யாரும் தொலைபேசி எடுத்துக் கேட்கவில்லை. வலை இழுக்கவும் தீனி போடவும் மட்டும் விட்டிருந்தால் இரண்டு வருடமும் உண்மை, கண்ணாடியைத் தொடாததும் உண்மை. விசாரிக்காத சந்தேகம் கடிதத்தில் ஏறக்கூடாது, நாசூக்கான சொல்லில்கூட.

மிஞ்சுவது உப்புக் கண்ணாடி. முழுப் பேச்சிலும் கண்ணால் கண்ட விஷயம் இது ஒன்றே. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உப்புமானி என்று எழுதுகிற அந்தக் கருவி ஒரு சிறிய தொலைநோக்கி மாதிரி. முனையில் உள்ள கண்ணாடிப் பரப்பில் ஒரு துளி நீரை விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தைப் பார்க்கப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு தெரியும். கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் ஆயிரம் பங்கு நீரில் இருக்கும் உப்பின் பங்கு. கடல்நீருக்கு ஏறக்குறைய 35. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வடித்த நீரை விட்டுப் பார்த்து, கோடு 0இல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் சின்னத் திருகைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். தராசில் நிறுக்கும் முன் வெறுந்தட்டைப் பார்ப்பது மாதிரித்தான். நம் இளைஞர் இதைச் செய்யாமல் நேரே தொட்டி நீரை விட்டார். இது சில்லறை விஷயம் அல்ல. குஞ்சு வாங்குகிறவரின் குளத்து உப்புக்கு ஏற்றபடி தொட்டி நீரின் உப்பைச் சில நாட்களில் படிப்படியாக மாற்றித்தான் கொடுப்பார்கள். வாசிப்புப் பிழைத்தால், குளத்தில் விட்டதும் குஞ்சுகள் அதிர்ந்து செத்துப்போகலாம். புத்தளம் வாவி கோடையில் கடலைவிட உப்பேறிக் கிடக்கிற இடம். இங்கே ஒருவர் ஊகித்து எண் சொல்லிவிட முடியாது.

ஆகவே மூத்தவரின் எரிச்சலுக்குள் ஒரு நியாயமான காரணம் ஒளிந்திருக்கிறது. இரவில் தனியாக நிற்பவர் முதல் நாளிலிருந்தே பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க அந்நேரம் ஆள் இல்லை. குறை ஆளில் இருந்து எழுந்து போய், வேலைக்குத் தேவையானதில் உட்கார்ந்துவிட்டது பாருங்கள். காரணத்தை எழுதும்போது செய்ய வேண்டியது இந்த இடமாற்றம்தான்.

தமிழில் இன்னொரு முள் உண்டு, “கூட” என்ற சொல். “கண்ணாடியைப் பிடிக்கத் தெரியவில்லை” என்றால் செய்தி. “கண்ணாடியைக் கூட” என்றால் ஏளனம். மரியாதையாக எழுதுவதாக நினைத்து “அடிப்படை அறிவுகூட எதிர்பார்த்த மட்டத்தில் இல்லை” என்று எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். “பொடியன்” போய் “தாங்கள்” வந்துவிட்டது, முள் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த “தாங்கள்” எனக்குப் பிடிப்பதும் இல்லை. கலியாணப் பத்திரிகையின் வாசனை அடிக்கிறது. இந்த வேலைக்கு “நீங்கள்” போதும்.

இப்போது எழுதலாம்:

“வணக்கம். இரவு நேர உதவியாளர் வேலைக்காகச் செவ்வாய்க்கிழமை எங்களிடம் வந்து பேசியதற்கு நன்றி. இந்த வேலைக்கு வேறொருவரைத் தெரிவுசெய்துள்ளோம் என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம். இரவில் தனியாக நின்று நீரின் உப்பளவை எடுக்கக்கூடியவர் எங்களுக்கு உடனே தேவைப்பட்டார். உப்புமானியைச் சரிசெய்து வாசிப்பதில் உங்களுக்கு இன்னும் பயிற்சி தேவை என்று கண்டோம். சிரமம் பாராமல் பயணம் செய்து வந்ததற்கும் நன்றி.”

முடிவு, வந்ததற்கு நன்றி சொன்ன வாக்கியத்துக்கு அடுத்ததிலேயே வந்துவிடுகிறது. வாசிப்பவர் தேடுவது அதைத்தான், ஆகவே கீழே இறக்கக்கூடாது. எந்த வேலை, எந்த நாள் என்பதும் இருக்கிறது. இரண்டு மூன்று இடங்களில் விண்ணப்பித்தவருக்கு அது தேவை. தெரிவானவரோடு ஒப்பீடு இல்லை. காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் இளைஞர் நேரில் வந்து செய்துகாட்டியதால். விண்ணப்பம் மட்டும் அனுப்பியவருக்குக் காரண வாக்கியத்தை விட்டுவிடலாம்.

“எதிர்காலத்தில் வாய்ப்பு வந்தால் தொடர்புகொள்வோம்” என்ற வரி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். பெயர்களைக் குறித்துவைத்து அடுத்த முறை உண்மையிலேயே கூப்பிடுகிற இடமானால் எழுதுங்கள். அப்படியொரு கொப்பி இல்லையென்றால் அதுவும் “பிறகு அறிவிப்போம்” போன்றதுதான்.

சிங்களத்தில் விண்ணப்பித்தவருக்குச் சிங்களத்தில் பதில் போக வேண்டும். இந்தக் கரையில் இரண்டும் புழங்குகிறது. அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் மேலே உள்ள பெயரையும் ஒருமுறை பாருங்கள். மூத்தவரின் பேச்சை மேலே வைத்துக்கொண்டு கீழே கடிதம் எழுதுகிறவர்கள் சில நேரம் இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். அழித்தாலும் அழித்த அடையாளம் அங்கே நிற்கும். உடப்பிலிருந்து சிலாபம் வரை ஹெச்சரிக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அந்த இளைஞர் அடுத்த வருடம் உங்களிடம் குஞ்சு வாங்க வருகிறவரின் ஆளாக நிற்கலாம்.

இனி எப்போது அனுப்புவது என்பதுதான் பாக்கி. தெரிவானவர் வேலைக்கு வர ஒப்புக்கொண்ட மறுநாள் அனுப்பிவிடுங்கள்.