பெர் யூனிட் முறையில் பழுதுப் பகுப்பாய்வு

மின்திறன் அமைப்பில் குறுக்குச்சுற்று ஏற்படும்போது பாயும் மின்னோட்டத்தைக் கணக்கிடுவது பழுதுப் பகுப்பாய்வு எனப்படும். சர்க்யூட் பிரேக்கரின் துண்டிக்கும் திறனும் ரிலேயின் அமைப்பும் இந்த மதிப்பைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. வெவ்வேறு மின்னழுத்தங்களில் உள்ள கருவிகளை ஒரே கணக்கில் சேர்க்கப் பெர் யூனிட் முறை பயன்படுகிறது. ஒரு கருவியின் உண்மை மதிப்பை, தெரிந்தெடுத்த அடிப்படை மதிப்பால் வகுத்தால் கிடைப்பதே அதன் பெர் யூனிட் மதிப்பு.

அடிப்படையை மாற்றுதல்

கருவியின் பெயர்ப்பலகையில் உள்ள ரியாக்டன்ஸ் (மின்மறுப்பு) சதவீதம், அந்தக் கருவியின் சொந்தத் திறனை அடிப்படையாகக் கொண்டது. எனவே எல்லாவற்றையும் முதலில் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவர வேண்டும். அடிப்படைத் திறன் அமைப்பு முழுவதற்கும் ஒன்றே. அடிப்படை மின்னழுத்தமோ ஒவ்வொரு மின்மாற்றியைக் கடக்கும்போதும் அதன் சுற்று விகிதப்படி மாறும்.

```
X(புதிய) = X(பழைய) × (S(புதிய) / S(பழைய)) × (V(பழைய) / V(புதிய))²
Z(அடிப்படை) = kV² / MVA
```

எடுத்துக்காட்டு: கோதையாற்றிலிருந்து குழித்துறைக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கோதையாறு நீர்மின் திட்டத்தில் 60 மெகாவாட், 40 மெகாவாட் திறனுள்ள இரு மின்நிலையங்கள் உள்ளன. முதல் நிலையத்தின் 60 மெகாவாட் இயந்திரம் மட்டும் குழித்துறையில் உள்ள ஒரு துணைமின் நிலையத்துக்கு மின்சாரம் தருவதாகக் கொள்வோம். திறன் காரணி 0.9 எனில் அதன் திறன் 66.67 எம்.வி.ஏ. ஆகும். இதுவும் கீழே வரும் ரியாக்டன்ஸ், தொலைவு முதலியவையும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அந்த நிலையங்களின் பதிவேட்டு மதிப்புகள் அல்ல.

குழித்துறையின் 11 கிலோவோல்ட் பஸ்பாரில் மும்முனைக் குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. அடிப்படைத் திறன் 100 எம்.வி.ஏ. கருவிகளின் மின்னழுத்தங்கள் அடிப்படை மின்னழுத்தங்களோடு ஒத்திருப்பதால், மேலுள்ள சூத்திரத்தில் மின்னழுத்தப் பகுதி 1 ஆகிவிடும்.

```
மின்னியற்றி (66.67 MVA, 20%)         : 0.20 × 100/66.67 = 0.300
ஏற்று மின்மாற்றி (70 MVA, 10.5%)      : 0.105 × 100/70 = 0.150
110 kV மின்தொடர் (40 km, 0.4 Ω/km)   : 16 / (110²/100) = 0.132
இறக்கு மின்மாற்றி (16 MVA, 10%)       : 0.10 × 100/16 = 0.625
மொத்தம்                              : 1.207
```

எல்லாம் தொடராக இருப்பதால் கூட்டினாலே போதும். பழுதுக்கு முன் மின்னழுத்தம் 1.0 எனக் கொண்டால் பழுது மின்னோட்டம் 1/1.207, அதாவது 0.829 பெர் யூனிட்.

```
பழுதுத் திறன் = 100 / 1.207 = 82.9 MVA
I(அடிப்படை) = 100000 / (√3 × 11) = 5249 A
I(பழுது) = 0.829 × 5249 ≈ 4350 A
```

பழுது 11 கிலோவோல்ட் பக்கத்தில் இருப்பதால் அடிப்படை மின்னோட்டமும் அந்தப் பக்கத்துக்கே கணக்கிடப்பட்டது. இங்கே 110 கிலோவோல்ட்டைப் போட்டால் விடை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

விடையைச் சரிபார்த்தல்

ஒவ்வொரு கருவியின் திறனையும் அதன் சொந்த ரியாக்டன்ஸால் வகுத்தால், அந்தக் கருவி கடத்தக்கூடிய உச்சப் பழுதுத் திறன் கிடைக்கும். இறக்கு மின்மாற்றிக்கு அது 16/0.10, அதாவது 160 எம்.வி.ஏ. தொடர் பாதையில் விடை இதைத் தாண்டவே முடியாது. தேர்வில் பலர் திறன் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டு 0.10 × 16/100 = 0.016 என எழுதுவர். அப்போது மொத்தம் 0.598, விடை 167 எம்.வி.ஏ. என வரும். அது 160-ஐத் தாண்டுவதால் பிழை உடனே தெரியும்.

விகிதத்தை மாற்றாமல் 0.10 என்றே விட்டுவிட்டால் விடை 147 எம்.வி.ஏ. வரும், இந்தச் சோதனையில் அது சிக்காது. அதற்கு, நான்கு கருவிகளின் உச்சத் திறன்களான 333, 667, 756, 160 ஆகியவற்றின் தலைகீழிகளைக் கூட்டி, மீண்டும் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும். சரியான கணக்கு எனில் அதே 82.8 அல்லது 82.9 கிடைக்கும். இந்த வழியில் பொது அடிப்படையே தேவையில்லை.

கணக்கின் எல்லைகள்

நடைமுறையில் 110 கிலோவோல்ட் பஸ்பாருக்கு மாநில மின்கட்டமைப்பின் பிற பகுதிகளிலிருந்தும் மின்னோட்டம் வரும். ஆகவே உண்மையான பழுது மின்னோட்டம் 4350 ஆம்பியரைவிடக் கூடும். ஆனால் கட்டமைப்பு எவ்வளவு வலிமையானதாயினும், ஒரே மின்மாற்றி வழியே 160 எம்.வி.ஏ., அதாவது ஏறத்தாழ 8400 ஆம்பியருக்கு மேல் 11 கிலோவோல்ட் பக்கம் வராது. அதேபோன்ற இன்னொரு மின்மாற்றியை இணையாகச் சேர்த்தால் இந்த வரம்பு 16800 ஆம்பியராக இரட்டிக்கும். துணைமின் நிலையத்தில் மின்மாற்றியைக் கூட்டும்போது பழைய பிரேக்கர்களின் திறனை மறுபடி பார்ப்பது இதனால்தான்.

இக்கணக்கில் மின்தடையும் சுமை மின்னோட்டமும் விடப்பட்டுள்ளன. மின்னியற்றிக்கு, பழுது நிகழ்ந்த முதல் சில சுழற்சிகளுக்குரிய ரியாக்டன்ஸே எடுக்கப்பட்டுள்ளது. அதனால் கிடைப்பது தொடக்கச் சமச்சீர் மின்னோட்டம். ஒரு முனை மட்டும் தரையைத் தொடும் பழுதுக்கு இந்த ஒற்றைச் சுற்று போதாது. நேர், எதிர், சுழி வரிசைச் சுற்றுகள் மூன்றையும் வரைந்து தொடராக இணைக்க வேண்டும்.